டிசைனர் அக்காவுக்கு "சிம்பிள் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதிடாத தம்பி

கேள்வி: "காரைக்குடில ஒரு சின்ன டீம்ல டெவலப்பரா இருக்கேன். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்னுக்கு ஆர்டர் ஸ்கிரீன் பண்றோம். டைல்ஸ் டிசைன்ல ஒவ்வொரு இதழுக்கும் கஸ்டமரே கலர் மாத்தி, அத ஒரு ரூம் போட்டோ தரையில போட்டுப் பாக்கலாம். சதுர அடி போட்டா எத்தன கல்லுன்னு வரும், டெலிவரி தேதிய காலண்டர்ல எடுக்கலாம். ஓனர் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு சிங்கப்பூர் மலேசியாவுல இருந்து சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள லைவ் ஆகணும், 9 வேலை நாள்தான் இருக்கு. நிச்சயமா முடியாது. டிசைனர் அக்கா மனசு நோகாம மெயில் எப்படி எழுதுறது?"

பதில்:

தம்பி, நீ மரியாதைய பத்தி யோசிக்கிற, நல்லதுதான், ஆனா நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி மெயில் கெட்டுப்போறது "சிம்பிள்"ங்கற ஒத்த வார்த்தையாலதான். எனக்கு நடந்தத சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்ட தங்குற இடமா மாத்துனவங்களுக்கு புக்கிங் சைட் பண்ணோம். டிசைன்ல வீட்டோட பிளான் அப்படியே இருக்கும், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, வளவ சுத்தி அறைங்க, எந்த அறை காலியா இருக்கோ அத தொட்டா அங்கயே விலையும் தேதியும் திறக்கும். பாக்க அவ்வளவு அழகு. ஆனா போன் ஸ்கிரீன்ல அந்த பிளான விரலால பெருசாக்கி, நகத்தி, சரியான அறைய தொட வைக்கிறதுக்கே ஒரு வாரம் போயிடும்னு தெரிஞ்சுது. நான் போட்ட மெயில் ஒரே வரி: "இந்த ஸ்கிரீன் ரொம்ப காம்ப்ளெக்ஸா இருக்கு, டைம் இல்ல, கொஞ்சம் சிம்பிள் பண்ணித் தாங்க". ரெண்டு நாள் கழிச்சு புது டிசைன் வந்துச்சு. தூண் படம் போயிருந்துச்சு, நிழல் போயிருந்துச்சு, அஞ்சு கலர் ரெண்டா ஆயிருந்துச்சு, எழுத்து பெருசா ஆயிருந்துச்சு, ஆனா பிளான தொட்டு அறைய எடுக்குறது மட்டும் அப்படியே இருந்துச்சு. எனக்கு ஒரு மணி நேர வேலை கூட குறையல, அவங்களுக்கு ரெண்டு நாள் வேலை வீணா போச்சு, கையில இருந்த நாள்லயும் ரெண்டு போச்சு. அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது, நான் கேட்டத அப்படியே செஞ்சிருந்தாங்க.

டிசைனர் காதுக்கு சிம்பிள்னா கண்ணுக்கு அமைதியா இருக்குறது. நமக்கு சிம்பிள்னா ஸ்கிரீன் எத்தன நிலையில இருக்க முடியும்ங்கற எண்ணிக்கை குறையுறது. நிழலும் கலரும் எத்தன இருந்தாலும் நமக்கு அரை நாள்தான், ஆனா "தொட்டா மாறும், இழுத்தா நகரும், பாதில நெட் போனா இன்னொரு மாதிரி நிக்கும்"னு ஒரு விஷயம் உள்ள வந்துட்டா அதுலதான் நாள் நாளா கரையும். அதனால மெயில்ல நீ எழுத வேண்டியது எந்த ஒரு நடத்தை நாள தின்னுதுன்னு மட்டும்தான், ஸ்கிரீன் முழுசையும் பத்தி பேசவே பேசாத.

உன் ஸ்கிரீன எடுத்துக்குவோம். உன் எஸ்டிமேட் எனக்கு தெரியாது, நான் போட்டா இப்படித்தான் வரும்: இதழ் இதழா கலர் மாத்தி ரூம் தரையில காட்டுறதுக்கு 8 நாள், காலண்டருக்கு 2, கல்லு கணக்கு, ஃபார்ம், அனுப்புறது, தப்பு வந்தா காட்டுற மெசேஜ் எல்லாம் சேத்து 4, நாலஞ்சு போன்ல வச்சு பாக்க 2. மொத்தம் 16. பாரு, பாதி நாள் ஒரே இடத்துலதான் நிக்குது. அந்த 8 நாள் ஏன்னு அக்காவுக்கு ஒரு ரெண்டு வரில விளங்க வைக்கணும், அதுக்கு முன்னாடி உனக்கே தெளிவா தெரியணும். கல்லுல இருக்குற ஒவ்வொரு பாகமும் தனித்தனி லேயரா இருக்கணும், கலர் மாறும்போதெல்லாம் எல்லாத்தையும் சேத்து வரையணும், அப்புறம் ரூம் போட்டோவுல தரை தூரமா போகப் போக சுருங்குற மாதிரி சாய்க்கணும், மேல கட்டில் மேசை மறைக்கிற இடத்த வெட்டணும், சன்னல் வெளிச்சம் தரையில விழுறத திரும்ப மேல போடணும். 1080க்கு 1920 பிக்சல்ல ஒரு லேயர் மெமரில 8 எம்பிக்கு மேல பிடிக்கும், அஞ்சு லேயர்னா 40 எம்பிய தாண்டிடும், விலை கொறஞ்ச போன்ல பிரவுசர் பேஜையே ரீலோட் பண்ணிடவும் வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா கஸ்டமர் அதுவரைக்கும் எடுத்த கலர் எல்லாம் போயிடும். இது போக விரலால இழுக்கும்போது பேஜ் ஸ்க்ரோல் ஆகுதா தரை நகருதான்னு ஒரு சண்டை இருக்கு, அத சரி பண்றதுக்கு ஒரு நாள் தனியா போகும்.

முடிஞ்சா மெயில் போடுறதுக்கு முன்னாடி அரை நாள் செலவு பண்ணி ஒரே ஒரு கல்ல மட்டும் வச்சு இத பண்ணிப் பாரு, பட்டறைல ஆர்டர் எடுக்குறவரோட போன்லயே ஓட்டி ஒரு சின்ன வீடியோ எடு. "ஹேங் ஆகும்னு நெனைக்கிறேன்"னு எழுதுறதுக்கும், ஹேங் ஆகுறத பத்து செகண்ட் வீடியோவா அனுப்புறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ஒருவேளை நல்லா ஓடுச்சுன்னா உனக்கு மெயிலே தேவைப்படாம போகலாம், அதுவும் நல்லதுதான்.

அடுத்தது, வெறும் கையோட கேக்காத. "இத எடுத்துருங்க"ன்னு கேட்டா அவங்க திரும்ப உக்காந்து யோசிக்கணும், அதுக்கு ரெண்டு நாள். நீயே ஒரு வழி கொண்டு போ, அது அவங்க இந்த டிசைன் போட்ட நோக்கத்த காப்பாத்துற வழியா இருக்கணும். அவங்க நோக்கம் என்ன? ஒத்த கல்ல கையில வச்சுப் பாத்தா தரை எப்படி இருக்கும்னு யாருக்கும் மனசுல வராது, பரப்பிப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு ரூம் போட்டோவே வேணும்னு இல்ல, மேல இருந்து பாக்குற மாதிரி சமமா பரப்பிக் காட்டுனாலே முக்கால்வாசி கிடைச்சிடும். அதுக்கு இவ்வளவுதான் கோடு:

```css
.floor {
  background-image: url("poo-sivappu.webp");
  background-size: 128px 128px;
}
```

பிரவுசரே படத்த திரும்பத் திரும்ப அடுக்கிக்கும், கேன்வாஸ் வேணாம், மெமரி பிரச்சினை கிடையாது. ஒன்னு மட்டும் கவனி. நாலு கல்ல சேத்து வச்சாத்தான் முழுப் பூ வர்ற டிசைன் இருக்கும், ஒவ்வொரு கல்லுலயும் கால் பூதான் இருக்கும். அதுக்கு ஒத்த கல்லு படத்த அடுக்குனா பூ சேராது, எல்லா கால் பூவும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும். நாலு கல்லையும் சரியா திருப்பி சேத்த படத்தையே ஒத்தப் படமா கேக்கணும், இத மெயில்லயே சொல்லிடு, இல்லன்னா எல்லா படமும் திரும்ப செய்ய வேண்டி வரும்.

கலர் விஷயத்துல ஒரு வேளை அக்காவுக்கே தெரியாத ஒன்னு உன் பக்கம் இருக்கு. ஆத்தங்குடி கல்லு எப்படி வருதுன்னு நீ பட்டறைல பாத்திருப்ப, கண்ணாடி மேல அச்ச வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் கலந்த சிமெண்ட் கொழம்ப கையால ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய வச்சு, தண்ணில ஊற வச்சு எடுக்குறாங்க. பட்டறை வச்சிருக்குற கலர் பொடி எண்ணி சொல்லிடலாம், அதுலயும் இன்னைக்கு ஊத்துன செவப்பும் அடுத்த வாரம் ஊத்துற செவப்பும் லேசா மாறும், கைவேலைன்னா அப்படித்தான், அதுதான் அதோட அழகும். ஆனா ஸ்கிரீன்ல கலர் சக்கரத்த குடுத்து எந்த கலர வேணாலும் எடுன்னு விட்டா கஸ்டமர் ஒரு இளநீலத்த எடுத்து ஆர்டர் போடுவாங்க, பட்டறைல அந்த நீலம் வராது, கல்லு எறங்குற அன்னைக்கு வாசல்ல சண்டை. அதனால ரெடியா சேத்து வச்ச கலர் சேர்க்கைய மட்டும் காட்டுறது நேரம் இல்லாததால செய்யுற சமாளிப்புன்னு நினைக்காத, கும்பாபிஷேகமே இல்லாட்டியும் இந்த ஸ்கிரீனுக்கு அதுதான் சரி. பட்டறைக்காரர்ட்ட எந்தெந்த சேர்க்கை வழக்கமா போகுதுன்னு கேட்டுட்டு அப்புறம் மெயில் எழுது.

காலண்டரும் அதே மாதிரிதான். `<input type="date">` போட்டா போனோட காலண்டரே திறந்துக்கும்னு தோணும், ஆனா அதுல `min`, `max` வச்சு முன்னாடி பின்னாடி எல்லை போடலாமே தவிர நடுவுல பட்டறை லீவு நாள மட்டும் மங்கலா காட்ட முடியாது, அதோட லுக்கும் போனுக்குப் போன் மாறும். அக்கா டிசைன்ல லீவு நாள் மங்கலா இருந்தா அது வராது. நான் கேட்டா தேதியே வேணாம்னு சொல்வேன், கையால செய்யுற கல்லு எப்படியும் போன்ல பேசித்தான் தேதி முடிவாகும், எந்த மாசம் வேணும்னு மட்டும் கேட்டா போதும்.

மெயில நான் எழுதுனா இப்படி எழுதுவேன், நீ உன் பேச்சுக்கு மாத்திக்க:

சப்ஜெக்ட்: ஆர்டர் ஸ்கிரீன், தரைல பரப்பிக் காட்டுற பகுதி பத்தி உங்க முடிவு வேணும் (வியாழன் மதியத்துக்குள்ள)

அக்கா, வணக்கம்.

ஆர்டர் ஸ்கிரீன் டிசைன முழுசா பிரிச்சு நாள் கணக்கு போட்டேன். மொத்தம் 16 நாள் வருது, நம்மகிட்ட இருக்குறது 9. கும்பாபிஷேகத் தேதி மாறாது. 16ல 8 நாள் ஒரே இடத்துல இருக்கு, இதழ் இதழா கலர் மாத்தி அத ரூம் போட்டோவுல காட்டுற பகுதி. காலண்டர தவிர மத்ததெல்லாம், உங்க லேஅவுட், எழுத்து, பட்டன், கலர் எல்லாமே அப்படியே செஞ்சிடலாம், அதுல எதையும் குறைக்க வேணாம்.

ஏன் 8 நாள்னா, ஒவ்வொரு இதழும் தனி லேயர், கலர் மாறும்போதெல்லாம் தரைய சாய்ச்சு திரும்ப வரையணும். ஒரு கல்ல மட்டும் வச்சு நேத்து செஞ்சு பாத்தேன், பட்டறை போன்ல நாலாவது கலர் மாத்தும்போது பேஜ் ரீலோட் ஆயிடுச்சு. வீடியோ இணைச்சிருக்கேன்.

இந்த ஸ்கிரீன்ல கஸ்டமருக்கு கட்டாயம் கிடைக்கணும்னு நீங்க நினைக்கிறது, கல்ல பரப்புனா எப்படி இருக்கும்னு பாக்குறதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். சரிதானா? சரின்னா ஒரு யோசனை: ரூம் போட்டோவுக்கு பதிலா மேல இருந்து பாக்குற மாதிரி தரைய ஸ்கிரீன் அகலத்துக்கு பரப்பிக் காட்டலாம். கலர ஒவ்வொன்னா மாத்துறதுக்கு பதிலா 5 டிசைன், ஒவ்வொன்னுக்கும் 4 கலர் சேர்க்கை. பட்டறைல கேட்டேன், அவங்க கிட்ட இருக்குற கலர் பொடிக்கு இந்த 4 சேர்க்கைதான் தைரியமா செஞ்சு குடுக்க முடியும்ங்கறாங்க. இப்படின்னா இந்த பகுதி ஒன்னரை நாள்ல முடியும்.

இதுல உங்களுக்கு வேலை கூடுது, அதையும் சொல்லணும். 20 படம் வேணும், நாலு கல்லு சேந்த பூவா, ஓரம் வரைக்கும் சரியா வெட்டி. உங்களுக்கு அதுக்கு எத்தன நாள் ஆகும்னு சொல்லுங்க. முடியாதுன்னா முதல்ல 8 படத்தோட போகலாம்.

இன்னொரு சின்ன விஷயம், டெலிவரி காலண்டருக்கு பதிலா மாசம் மட்டும் கேட்டா 2 நாள் மிச்சம். தேதி பட்டறைக்காரர் போன்ல பேசி முடிவு பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டார்.

இந்த யோசனை உங்களுக்கு சரியா படலைன்னா உங்க வழிய சொல்லுங்க, அந்த 8 நாள் 2 நாளுக்குள்ள வந்தா எதுவா இருந்தாலும் எனக்கு சம்மதம். வியாழன் மதியம் வரைக்கும் நான் கல்லு கணக்கும் ஃபார்மும் செய்றேன், நீங்க எந்த முடிவு எடுத்தாலும் அது மாறாது.

ரூம் போட்டோ விஷயத்த விட்டுடல. லைவ் ஆன பிறகு வர்ற ஆர்டர்ல எத்தன பேர் கலர் மாத்தி கேக்குறாங்கன்னு ஃபார்ம்ல ஒரு குறிப்பு பெட்டி வச்சு பாத்துட்டு, அத வச்சு ரெண்டு பேரும் ஓனர்கிட்ட பேசுவோம்.

மெயில் இவ்வளவுதான். இதுல ரெண்டு இடத்த பத்தி மட்டும் சொல்லணும். "சரிதானா?"ன்னு கேட்ட இடம் ஒப்புக்கு இல்ல தம்பி, நீ தப்பா புரிஞ்சிருக்க நிஜமாவே வாய்ப்பு இருக்கு. அக்கா திரும்பி "இல்லப்பா, வெளிநாட்டுல இருந்து வர்றவங்க அவங்க வீட்டு வளவுல போட்டா எப்படி இருக்கும்னு பாக்கத்தான் அந்த ரூம் போட்டோ, ஓனர் கேட்டதே அதத்தான்"னு சொல்லலாம். அப்படின்னா உன் யோசனை ஓடாது. ஆனா அப்பவும் வழி இருக்கு, ஒரே ஒரு வளவு போட்டோ, அதுல 20 சேர்க்கையையும் அக்காவே முன்கூட்டி போட்டு 20 படமா குடுத்துட்டா நீ படத்த மாத்தி மாத்தி காட்டுனா போதும், வரையுற வேலை போன்ல நடக்காது. அவங்களுக்கு வேலை கூடும், உனக்கு அரை நாள். இந்த மாதிரி பதில் வரணும்னா கேள்வி திறந்து இருக்கணும்.

இன்னொன்னு வியாழன் வரைக்கும் நீ என்ன செய்றன்னு சொல்ற வரி. "பதில் வரலைன்னா நானே மாத்திடுவேன்"னு சில பேர் எழுதுவாங்க, அது மிரட்டலா படும், அதவிட மோசம் சொல்லாமலே மாத்துறது. அவங்க லைவ் சைட்ட திறந்து பாத்து தன் டிசைன் இல்லன்னு தெரிஞ்சுக்குற நாள்ல இருந்து உன்ன நம்ப மாட்டாங்க. எந்த முடிவுக்கும் மாறாத வேலைய முதல்ல எடுத்துக்கிட்டா காத்திருக்குற நாள் வீணாகாது. கல்லு கணக்கு அப்படி ஒன்னுதான். 12க்கு 10 அடி அறை 120 சதுர அடி, 10 இஞ்ச் கல்லுன்னா ஒரு சதுர அடிக்கு 1.44 கல்லு, 172.8 வரும், உடைசலுக்கு 10 சதவீதம் சேத்தா 190.08, கடைசில மேல ஏத்தி 191. பத்து சதவீதம் பட்டறை வழக்கத்த கேட்டு வச்சுக்க, ஆனா நடுவுல எங்கயும் ரவுண்ட் பண்ணாத, கடைசில ஒரு தடவ மட்டும் மேல ஏத்து.

ஓனர சிசில போடாத. முதல் மெயில்லயே ஓனர் பேரு இருந்தா அக்காவுக்கு அது புகார் மாதிரி தெரியும், பதில் உனக்கு வராது, தன்ன காப்பாத்திக்க ஓனருக்கு வரும். நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு சேந்து போய் ஓனர்கிட்ட சொல்லுங்க, அவர்தான் கடைசில சம்மதிக்கணும், ஏன்னா அவருக்கு சொன்னதுல இருந்து ஒரு விஷயம் குறையுது. அனுப்புறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் போட்டு "ஒரு மெயில் அனுப்புறேன், ஸ்கிரீன் பத்தி, படிச்சுட்டு பேசலாம்"னு சொல்லிடு. அப்புறம் இன்னைக்கே அனுப்பு. 9 நாள் இருக்கும்போது கேட்டா அது கலந்து பேசுறது, 3 நாள் இருக்கும்போது கேட்டா அவங்களுக்கு தலையாட்டுறத தவிர வேற வழி இருக்காது.

அக்கா சரின்னுட்டா 20 படமும் வர்ற வரைக்கும் காத்திருக்காத, முதல்ல ஒரே ஒரு படம் கேளு. அத உடனே தரைல பரப்பி பட்டறை போன்ல திற. படத்தோட ஓரத்துல ஒரு பிக்சல் வெட்டாம விட்டிருந்தா கல்லுக்கு நடுவுல மெல்லிசா வெள்ளக் கோடு ஓடும், போட்டோ எடுக்கும்போது ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தா தரை முழுக்க பட்டை பட்டையா தெரியும், ஒத்தப் படமா பாத்தா இது ரெண்டும் கண்ணுக்கே படாது. அந்த ஸ்கிரீன்ஷாட்ட அன்னைக்கே அக்காவுக்கு அனுப்பிடு, மிச்சம் 19 படத்தையும் அவங்க அத பாத்தே சரியா வெட்டிடுவாங்க.